காக்காய்க்கு எதுக்கு சாமி மெனு கார்டு?

நீ அனுப்பிச்ச பட்டியலை உங்க சின்னம்மா கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா வாசிச்சா. பதினேழு ஐட்டம். கோபி மஞ்சூரியன்னு வந்த இடத்துல நிறுத்தச் சொல்லி, "இது யாரு, கீழ்நாட்டுல பொண்ணெடுத்த வகையில வந்த புது மச்சானா?"ன்னு கேட்டேன். பூக்கோசாம். எங்கண்ணன் எழுபத்தாறு வருசம் குண்டூர் நாட்டு மண்ணுல நடந்தான். ஒரு நாள்கூட அந்த மஞ்சூரியன் அவன் இலைக்கு வந்ததில்லை. முதல் வருசத் திதிக்குத்தான் வந்து உக்காரணும்னு அதுக்கு எழுதியிருக்குது போல.

போர் வண்டியோட ஊர் ஊராச் சுத்தறவன் நீ. ஆயிரம் அடி ஓட்டை போடறதுக்கு முன்னாடி குழாய் எத்தனை, டீசல் எத்தனைன்னு கணக்குப் போடுவே. அப்பனுக்குச் சோறு போடறப்ப மட்டும் கணக்கு பறந்துபோய், "எரநூத்தம்பது இலை சித்தப்பா, குறையக் கூடாது"ங்கறே. நாமக்கல் சமையல்காரரு எரநூறு இலைக்குக் கீழே மலை ஏற மாட்டேன்னாராம். அவரு வயித்துக்கு அது சரி. நம்ம வீட்டுக்கு எத்தனை வயிறு வரும்னு அவரு எப்படிச் சொல்வாரு? வா, உக்காரு. எண்ணிப் பாப்போம்.

பதார்த்தத்துல ஆரம்பிக்காதே, ஆளுல ஆரம்பி. ஊர்ல பங்காளி வீடு பதினொண்ணு. அவங்க அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க, வீட்டுக்கு நாலு பேர்னு முழுசா வருவாங்க. நாப்பத்தி நாலு. மாமன் மச்சான் வகையில அடுத்த நாடுகள்ல பன்னண்டு வீடு. மலையில பதினாலு நாடு இருந்தாலும் நமக்குப் பொண்ணு கொடுத்து எடுத்த நாடு மூணோ நாலோதான். அவங்க வீட்டுக்கு ரெண்டு பேர் வருவாங்க, ஒருத்தரு ஆடு மாட்டைப் பாக்க நிப்பாரு. இருபத்தி நாலு. கட்டிக் கொடுத்த பொண்ணுங்க மூணு குடும்பம், பிள்ளை குட்டியோட பதினஞ்சு. சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் இருக்கறவங்க இருபது பேரை அழைப்பே. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவை நினைச்சு எட்டுப் பேருக்கு அங்கேயே தலை சுத்திரும். பன்னண்டுன்னு வை. ஊர்ப் பெரியவங்க, பாத்திரம் தேய்க்கறவங்க, வண்டிக்காரன் எல்லாம் பத்து. கூட்டினா நூத்தி அஞ்சு.

அதுல இருபது பேர் பொடிசுங்க. சோத்துக்கு ரெண்டு பொடிசு ஒரு ஆள். அப்ப தொண்ணூத்தஞ்சு. சொல்லாம வர்றவங்க, சொன்னதைக் கேட்டுக்கிட்டு இன்னொருத்தரைக் கூட்டிட்டு வர்றவங்கன்னு பத்து சேரு. மறுபடியும் நூத்தி அஞ்சு. உன் எரநூத்தம்பதுல பாதிகூட இல்லை. மீதி நூத்தி நாப்பத்தஞ்சு பேரை எங்கிருந்து கூட்டிட்டு வர்றதா இருந்தே? செம்மேடு பஸ் ஸ்டாண்டுல நின்னு கூவுவியா?

பாயாசத்துக்கு மட்டும் இந்த அரை ஆள் கணக்கு செல்லாது. அதுல பொடிசு ஒண்ணுக்கு ரெண்டு ஆள்.

இப்ப சோறு. பட்டணத்துக் கலியாணத்துல கிலோ அரிசியில பத்துப் பேர், பன்னண்டு பேர்கூடச் சாப்பிடறாங்க. அங்க இலையில வேற சமாச்சாரம் நிறைய இருக்கும், வயிறும் சின்னது. மேடேறி வந்து சாப்பிடற நம்ம சனத்துக்குக் கிலோவுக்கு எட்டுப் பேர்னு வை. நூத்தி அஞ்சுக்குப் பதிமூணு கிலோ சொச்சம் வருது, பதினாலு எடு. பதினாலும் அரிசி இல்லை. நாலு கிலோ சாமை, பத்து கிலோ அரிசி. முதல்ல ஒரு அகப்பை சாமைச் சோறு எல்லா இலைக்கும் விழணும். உங்கப்பன் கடைசி வரைக்கும் அரிசிச் சோத்தை "காய்ச்சக்காரன் சாப்பாடு"ன்னுதான் சொன்னான். அவன் பேரைச் சொல்லி நடக்கற பந்தியில சாமை இல்லைன்னா அவன் காக்காயா வந்தாலும் மொறைச்சுக்கிட்டுப் போயிருவான்.

சாமைன்னதும் உன் மூஞ்சி சுருங்கறது போன்லயே தெரியுது. வந்தவன் ஏளனமாப் பேசுவான்னு பயப்படறே. 2023ஆம் வருசத்தை ஐ.நா. சபையே சிறுதானிய வருசம்னு கொண்டாடிட்டுப் போயிருச்சு சாமி. கீழ்நாட்டுல கால் கிலோ பாக்கெட்டு என்ன விலை விக்குதுன்னு எனக்குச் சொன்னதே நீதான். நம்ம காட்டுல சாமையை விரட்டினது அதோட ருசி இல்லை. சேகோ ஆலைக்குப் போற மரவள்ளிக் கிழங்குக்குக் கையில காசு வந்துச்சு, அது ஒண்ணு. உரலும் உலக்கையும் இன்னொண்ணு. எங்கம்மா ஒரு வேளைச் சாமை குத்தி எடுக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க தொண்ணூறுகள்ல மலைக்கு வந்து வேலை பாக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஊருக்குள்ள அரைக்கற மிஷினும் வந்துச்சு. அதனால அரைச்சுத் தர ஆள் இல்லைங்கற சாக்கு உனக்குக் கிடையாது. நாலு கிலோ சாமையரிசி வேணும்னா தோலோட ஆறரை கிலோ மிஷினுக்குப் போகணும். உமியா போறது போக மிச்சம் அதுதான்.

ஆனா ஒரு கண்டிப்பு. சாமையில கல் இருக்கும். சாமை அளவுக்கே இருக்கும், சாமை நிறத்துலயே இருக்கும். களத்துல அடிச்சப்ப வந்து சேந்தது. புடைச்சா போகாது, சலிச்சா போகாது. தண்ணி விட்டு ஆட்டி ஆட்டி மேலாக வடிச்சு அரிச்சு எடுக்கணும், கல் அடியில தங்கிரும். அந்த அடிப் பிடியை ஆசைப்பட்டு உள்ளே தள்ளாதே, கோழிக்குக் கொட்டிரு. மாமனோட பல்லுல கல் நறுக்குன்னா அந்தச் சத்தம் அடுத்த வருசத் திதி வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கும். அரிச்சதுக்கு அப்புறம் ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி. கொதி வந்து போட்டா இருபது நிமிசத்துல வெந்துரும், ஆறினா வெறைச்சுப்போயிரும். அதனால எல்லாத்துக்கும் கடைசியாத்தான் சாமையை ஏத்தணும். சமையல்காரரு காலையிலயே முடிச்சு மூடி வைக்கறேன்னா வேண்டாம்னு சொல்லு.

குழம்பு ஒண்ணே ஒண்ணு. சாம்பார், வத்தக்குழம்பு, மோர்க்குழம்புன்னு மூணு எழுதியிருக்கறே, எது எந்தச் சோத்துல விழுதுன்னு கிழவிங்களுக்குக் குழப்பம் வரும். பருப்பும் மொச்சையும் பூசணியும் போட்ட ஒரு குழம்பு. துவரம்பருப்பு ரெண்டு கிலோ, காஞ்ச மொச்சை ரெண்டு கிலோ, பூசணி அஞ்சு கிலோ, புளி அறுநூறு கிராம். இருபது லிட்டர் குழம்பு நிக்கும். ஆளுக்கு ஒரு நல்ல கரண்டி ஊத்தி, கேக்கறவனுக்கு மறு கரண்டியும் ஊத்தலாம். மொச்சை முந்தின நாள் மத்தியானமே ஊறணும். நம்ம குளிர்ல ராத்திரிக்கு ஊற வைச்சா காலையில உள்ளே கல்லா இருக்கும். நகத்தால ரெண்டாப் பிளந்து பாரு, நடுவுல வெள்ளைத் திட்டு இல்லாம இருந்தா ஊறிருச்சு.

இந்தப் பருப்பு விசயத்துல நான் பெரிய பாடம் படிச்சவன். சொல்றேன், சிரிக்காதே. எங்கம்மா வருசத்துக்கு நானும் உன்னை மாதிரிதான் குதிச்சேன். அப்ப மிளகு நல்ல விலைக்குப் போயிருந்துச்சு, கையில காசு. கீழேயிருந்து ஒரு சமையல்காரரைக் கூட்டிட்டு வந்தேன். ஜாங்கிரி போட்டேன். வாய்க்கு வந்த ஆளையெல்லாம் அழைச்சேன். அந்த மனுசன் கீழ்நாட்டுக் கணக்குல பத்து மணிக்குப் பருப்பை ஏத்தினாரு. பன்னண்டாச்சு, வேகலை. தண்ணி தளதளன்னு கொதிக்குது, பருப்பு மட்டும் அப்படியே நீந்துது. இது நம்ம மலையோட குணம். மூவாயிரத்து ஐந்நூறு, நாலாயிரம் அடி உயரத்துல காத்து லேசு, அதனால தண்ணி நூறு டிகிரிக்கு முந்தியே, தொண்ணூத்தாறு கிட்டவே கொதிச்சுரும். அதுக்கு மேல எத்தனை விறகு வைச்சாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். மூடாத அண்டாவுல பருப்பு வேகக் கூடுதல் நேரம் கொடுத்தே ஆகணும். அவருக்கு அது தெரியலை. அவசரப்பட்டு, புளியை ஊத்திட்டா கொதிச்சுச் சரியாயிரும்னு ஊத்தினாரு. புளி விழுந்த பருப்பு அதுக்கு மேல மசியுமா? அப்படியே இறுகிப்போச்சு. மூணு மணி. பொறந்த பொண்ணுங்க குழந்தைங்களோட தாவாரத்துல உக்காந்திருக்குதுங்க. நான் எங்க போய் ஒளியறதுன்னு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கேன்.

உங்கப்பன்தான் வந்தான். ஒரு வார்த்தை பேசலை. ஓரமா மூணு கல்லு கூட்டி அடுப்பு வைச்சான். அந்த வேகாத பருப்புத் தண்ணியை வடிச்சு எடுத்து, வீட்டு மிளகை அம்மியில நுணுக்கி ரசம் வைச்சான். வீட்டுல இருந்த சாமையைப் பொங்கினான். ரசமும் சாமையும் வாழைப்பழமும், அம்புட்டுதான். நாலரை மணிக்குப் பந்தி முடிஞ்சுது. ஜாங்கிரி இருந்துச்சான்னு யாருக்கும் இன்னிக்கு ஞாபகம் இல்லை. அந்த ரசத்தைப் பத்தி எங்க பெரிய அத்தை சாகற வரைக்கும் பேசினா. அதை அவன் ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்லை. நான்தான் அவனைச் சொல்லிக் காட்டுவேன், "உன் ரசத்துல உப்பு தூக்கல்"னு.

ஆகவே பருப்பு விடியக்காலை அஞ்சு மணிக்கே, வெந்நியில ஊறிப்போய் அடுப்புல இருக்கணும். அண்டாவுக்கு மூடி போட்டு, மூடி மேல ஒரு கல்லை வை. விரல்ல நசுக்கினா மாவாகணும், மொச்சையும் அதேபோல. ரெண்டும் குழையற வரைக்கும் புளியை அடுப்புப் பக்கமே வரவிடாதே.

ரசம் பன்னண்டு லிட்டர். நம்ம மிளகு நூறு கிராம், சீரகம் நூறு கிராம், புளி முன்னூறு. மோருக்குத் தயிர் அஞ்சு லிட்டர், தண்ணி ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைச்சுச் சேத்தா பதிமூணு லிட்டருக்கு வரும். இங்கே குளிர்ல தயிர் சுலபமா உறையாது, முந்தின நாள் பால் காய்ச்சி உறை ஊத்தி, சாக்கு சுத்தி அடுப்பு மேடையில வை. இட்லியைப் பட்டியல்லேருந்து அடிச்சதும் அதுக்குத்தான். மாவு பொங்கலைன்னா காலையில அத்தனை பேருக்கும் கல்லு இட்லிதான்.

பொரியல் வாழைக்காய். அறுபது காய், பத்து கிலோவுக்கு வரும். தோல் சீவினா ஏழு கிலோ நிக்கும். காட்டுலயே இருக்குது, காசில்லை. இன்னொரு பொரியல் வேணும்னு உங்க அக்கா அடம் பிடிச்சா அவரைக்காய் பறிச்சு வரச் சொல்லு, பறிக்கப் போனாலே அடம் குறையும். பழம் ஆளுக்கு ஒண்ணு, நம்ம மலை வாழை. இலை நூத்தி முப்பது அறு. கிழியறது, படையலுக்குப் போறது, பொடிசு ஒண்ணு இலை மேலயே உக்காந்துக்கறது எல்லாம் இருக்குது.

பாயாசம் தினைப் பாயாசம். ஆளுக்கு நூறு மில்லி, பொடிசு வகைக்குக் கூடுதல், பன்னண்டு லிட்டர். தினை ஒரு கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ, வெல்லம் ரெண்டரை கிலோ, தேங்காய் எட்டு. வெல்லத்தைத் தனியாக் கரைச்சு வடிகட்டு, உள்ளே மணல் இருக்கும். தினை மலர்ந்து குழைஞ்சதுக்கு அப்புறம்தான் பாகு ஊத்தணும். முந்தி ஊத்தினா தினை அதோட வேகாது, நறநறன்னு நிக்கும். தேங்காய்ப் பால் இறக்கி வைச்சதுக்குப் பிறகு. பொழுது சாயறதுக்குள்ள பாயாசத்தைத் தீத்துரு, தேங்காய்ப் பால் ராத்திரி தாங்காது. தீக்கறதுக்கு ஆள் தேட வேண்டியதில்லை, நான் இருக்கேன்.

இனி உப்பு. இங்கதான் எல்லாச் சமையல்காரனும் மாட்டுவான். படையல் போடற வரைக்கும் ஒருத்தரும் ருசி பாக்கக் கூடாது, செத்தவருக்கு எச்சில் ஆகும். அண்டாவை நாக்குல தொடாம உப்பு போடறது எப்படி? எடை போட்டுத்தான். குழம்பு லிட்டருக்குப் பத்து கிராம்னு இருபது லிட்டருக்கு எரநூறு கிராம் எடு. அதுலயும் நூத்தைம்பதைப் போட்டுட்டு அம்பதை எடுத்து வைச்சுக்க. ரசத்துக்கு நூறு எடுத்து எழுபத்தஞ்சு போடு. படையல் முடிஞ்சதும் ருசி பாத்து மிச்சத்தைச் சேரு. குறைஞ்ச உப்பைச் சேத்துக்கலாம், கூடின உப்பை யாரும் பொறுக்கி எடுத்ததில்லை. எங்கண்ணனுக்குக் கடைசி ரெண்டு வருசம் ரத்தக் கொதிப்புன்னு டாக்டரு உப்பே ஆகாதுன்னாரு. அவன் இலையில கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் கோவிச்சுக்க மாட்டான். இப்பவாவது உப்பு போட்டாங்களேன்னு சந்தோசப்படுவான்.

படையலுக்குன்னு பெரிய அண்டாவுலேருந்து அள்ளாதே. சின்னச் சட்டியில கால் கிலோ சாமை, கொஞ்சம் குழம்பு, ரசம், பொரியல், பாயாசம் தனியா ஆகட்டும். ஏன்னா அடுத்து வர்றது காக்காய். அது உன் வாட்சப் குழுவுல இல்லை, நேரத்துக்கு வராது. போன வருசம் ஒரு வீட்டுல காக்காய் வரலைன்னு முக்கால் மணி நேரம் எல்லாரும் வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒருத்தன் போன்ல காக்காய்ச் சத்தம் போட்டுக் காமிச்சான். அதுக்குள்ள ஏத்தின சோறு கட்டியாப் போச்சு. படையல் சின்னச் சட்டியில இருந்தா, பெரிய உலையைக் காக்காய் இறங்கினதுக்கு அப்புறம் ஏத்திக்கலாம். நீ மட்டும் போனைத் தூக்கிக்கிட்டு வீடியோ எடுக்கக் கிட்டப் போகாதே. இறங்கற காக்காயும் மேலே போயிரும்.

பத்து கிலோ அரிசியையும் ஒரே தடவை ஏத்தறதுதான் எல்லா வீணுக்கும் தாய். முதல் அண்டாவுல ஆறு கிலோ. இதுவும் நாலு கிலோ சாமையும் எண்பது பேருக்குத் தாங்கும். மிச்சம் நாலு கிலோ கழுவி, வடிகட்டி, கூடையில இருக்கட்டும். உலைத் தண்ணி மட்டும் கொதிச்சுக்கிட்டே இருக்கணும். நம்ம வாசல்ல ஒரு பந்திக்கு முப்பத்தஞ்சு பேர். முதல் பந்தி குழந்தைங்க, வயசானவங்க, கீழ்நாட்டுக்காரங்க. அவங்களுக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாகும். ரெண்டாம் பந்திக்கு இலை போடறப்ப நீ ஒரு ஆள் வெளியே போய், இன்னும் நிக்கற தலைகளை எண்ணு. தாவாரம், மாட்டுக் கொட்டாய், பீடி பிடிக்கற புளியமரத்தடி எல்லாம் பாத்து எண்ணு. முப்பது பேர் நின்னா நாலு கிலோவையும் உலையில போடு. பதினஞ்சுன்னா ரெண்டு கிலோ போதும், மிச்ச அரிசி உங்கம்மாவுக்குப் பானைக்குப் போகும். கொதிக்கற தண்ணியில போட்ட அரிசி வெந்து வடியறதுக்குள்ள ரெண்டாம் பந்தி எந்திரிக்கும். மூணாவது பந்திக்குச் சுடுசோறு. கடைசியா உக்கார்றது உழைச்சவங்க, அவங்களுக்குத்தான் ஆறின சோறு போடறது இந்த நாட்டு வழக்கமா இருக்குது. அதை நம்ம வீட்டுல மாத்து.

குழம்பு தீர்ற மாதிரி தெரிஞ்சா அண்டாவுல வெந்நி ஊத்தாதே, கண்டுபிடிச்சுருவாங்க. மூணாவது பந்திக்குச் சாமையில குழம்பு, அரிசிக்கு ரசம்னு மாத்திரு. ரசத்துல தண்ணி இருந்தா எவனும் குத்தம் சொல்ல மாட்டான், ரசம்னாலே அதுதானே.

பேனர் வேண்டாம். நம்ம வீட்டு வாசல்ல நுழையற எல்லாருக்கும் அவன் மூஞ்சி தெரியும். பீடா, ஐஸ்கிரீம் வேண்டாம். வெத்திலை பாக்கு தட்டுல வை, எடுக்கறவங்க எடுக்கட்டும். பரிமாற உன் கூட்டாளிங்களைக் கூப்பிடு, ஆனா "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு கலியாணத்துல மாதிரி மல்லுக்கட்டி ஊத்த வேண்டாம்னு சொல்லு. கேட்டா போடு, கை மறைச்சா நகரு. சாப்பிட்டவங்க இலையை மேல்பக்கமா மடிச்சா முறைக்காதே, துக்க வீட்டு வழக்கம் அது. கிளம்பறவங்க "வர்றேன்"னு சொல்லாம எந்திரிச்சுப் போனாலும் அப்படித்தான். ஓடிப்போய் வாசல்ல நிறுத்தி, "சாப்பாடு எப்படி?"ன்னு கேட்டு வைக்காதே.

சோளக்காட்டுச் சந்தையில பூசணியும் வெல்லமும் நானே எடுத்து வைக்கறேன். நீ வர்றப்ப நல்ல துவரம்பருப்பு ரெண்டு கிலோ வாங்கிட்டு வா, புதுசாப் பாத்து. பழசு எந்த உயரத்துலயும் வேகாது. உப்பு எடை போடத் தராசு கேப்பே. இருபது வருசமா உங்கப்பன் வாங்கிட்டுப் போன என் தராசைத் திருப்பித் தரலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேனில்ல, அவனும் பேசாமக் கேட்டுக்கிட்டே இருந்தானில்ல? அது என் பரண்லதான் இருக்குது. அது அவனோட தராசு, நான்தான் வாங்கிட்டு வந்தது. விடியறதுக்குள்ள தேய்ச்சு, புளி போட்டு விளக்கி, எடுத்துட்டு வர்றேன்.